மகாசபைக்கு ஆள் மாற்றி அனுப்ப முடியாது

கேள்வி: ஐயா, வணக்கம். மாரண்டஅள்ளி பக்கம் எங்கள் ஊர். பால் சொசைட்டியில் என் வீட்டுக்காரர் உறுப்பினர். அவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். மாடு பார்த்துப் பால் ஊற்றுவது நான்தான். மகாசபை நோட்டீஸ் 3ஆம் தேதி போட்டு, 5ஆம் தேதி கையில் கொடுத்தார்கள். கூட்டம் 20ஆம் தேதி புதன்கிழமை காலை 11 மணிக்கு. கூட்டம் நடக்கக் குறைந்தது இருக்க வேண்டிய ஆட்கள், அதாவது கோரம், 60 பேர், வர முடியாதவர்கள் கூட இருக்கிற பிராக்சி என்ற பதிலாள் படிவத்தில் கையெழுத்துப் போட்டுச் செயலாளரிடம் கொடுத்தால் அதுவும் கோரத்தில் சேரும் என்று எழுதியிருக்கிறது. படிவத்தின் மேலே எம்.ஜி.டி.-11 என்று அச்சடித்திருக்கிறார்கள். போன வருஷம் 38 பேர்தான் வந்தார்கள். 25 படிவத்தைச் சேர்த்து 63 என்று எழுதி முடித்துவிட்டார்கள். இந்த வருஷம் கடைசிப் பொருள் 'தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள்'. அதில் பழைய கொள்முதல் கட்டடத்து இடத்தை விற்கப் போகிறார்கள் என்று பேச்சு. அவருக்குப் பதிலாக நான் போகலாமா? யாருமே போகாவிட்டால் கூட்டம் நின்றுவிடும் என்கிறார்கள், நிஜமா? துணைவிதியில் கோரம், நோட்டீஸ் வரும் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அம்மா, வணக்கம். தேதி நெருங்கியிருந்ததால் முக்கியமான இரண்டு வரியை அன்றே உங்களுக்குத் தனியாக எழுதி அனுப்பினேன். உங்கள் வீட்டுக்காரரின் ஓட்டை நீங்கள் போட முடியாது. அந்தப் படிவத்தில் அவர் கையெழுத்துப் போடவும் வேண்டாம். காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே மாதிரி நோட்டீஸ் இன்னும் சில சங்கங்களில் சுற்றுவதாகக் கேள்விப்படுகிறேன்.

படிவத்தின் தலையில் இருக்கும் அந்த எண்ணைக் கவனித்து எழுதினீர்களே, அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. எம்.ஜி.டி.-11 என்பது 2013ஆம் வருடத்துக் கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் படிவம். கம்பெனியில் பங்கு வைத்திருப்பவர் தான் வராமல் வேறு ஒருவரை அனுப்பலாம். சட்டத்தின் 105ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்னால் படிவம் கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதும் அங்கே உள்ள வழக்கம்தான். உங்கள் செயலாளர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்லவில்லை. நம் மாவட்டங்களில் இப்போது உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகள் நிறைய வந்துவிட்டன. ஒரே ஆள் இரண்டுக்கும் கணக்கு எழுதுகிறார். ஒரு கம்பெனி நோட்டீஸை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்திருப்பார்கள். ஆனால் உங்கள் சொசைட்டி கம்பெனி அல்ல. 1983ஆம் வருடத்துத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவான சங்கம். கம்பெனிப் படிவம் இங்கே வெறும் காகிதம்.

சாதாரணக் கம்பெனியில் ஓட்டு பங்குக்கு. ஆயிரம் பங்கு வைத்திருந்தால் ஆயிரம் ஓட்டு. பணம் பேசுகிற இடம் என்பதால், அந்தப் பணத்தின் சார்பில் யார் வந்து ஓட்டுப் போட்டாலும் அவர்களுக்குப் பிரச்சினையில்லை. கூட்டுறவில் ஓட்டு ஆளுக்கு. ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே ஓட்டு. ஆளுக்கு ஓட்டு என்று வைத்துவிட்டால் அந்த ஆள் வந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஊரில் செல்வாக்கான ஒருவர் வீடு வீடாகப் போய் ஐம்பது படிவம் வாங்கிக்கொண்டு வந்து, ஒரே ஆளாக ஐம்பது ஓட்டுப் போடுவார். ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற ஏற்பாடு அங்கேயே செத்துப்போகும். அதனால்தான் கூட்டுறவில் உறுப்பினர் தானே நேரில் வந்து ஓட்டுப் போட வேண்டும், பதிலாள் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். பொது அதிகாரப் பத்திரம் பதிவு செய்து கொண்டு வந்தாலும் கதை இதுதான். அந்தப் பத்திரத்தை வைத்து நிலத்தைப் பார்த்துக்கொள்ளலாம், வங்கிக்குப் போகலாம். மகாசபையில் கை தூக்க முடியாது.

ஒரு குழப்பம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். மாவட்டப் பால் ஒன்றியத்தின் கூட்டத்துக்கு உங்கள் சொசைட்டியின் தலைவர் போகிறாரே, அவர் பதிலாள்தானே என்று கேட்பார்கள். ஒன்றியத்தில் உறுப்பினராக இருப்பது உங்கள் சொசைட்டி. சொசைட்டிக்குக் கை கால் கிடையாது. யாராவது ஒரு மனிதர் அதன் பிரதிநிதியாகப் போய்த்தான் ஆக வேண்டும். மனிதரே உறுப்பினராக இருக்கும் ஊர்ச் சங்கத்துக்கு அது பொருந்தாது.

இப்போது போன வருடக் கூட்டத்துக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் கோரம் இப்படி இருக்கிறது: மொத்த உறுப்பினரில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது 60 பேர், இதில் எது குறைவோ அது. நோட்டீஸில் மொத்த உறுப்பினர் 412 என்று போட்டிருக்கிறார்கள். ஐந்தில் ஒரு பங்கு 82.4. ஆளைப் பின்னமாக எண்ண முடியாது என்பதால் 83. அறுபது அதைவிடக் குறைவு, ஆகவே கோரம் 60. நோட்டீஸில் அந்த எண் சரிதான். (உங்கள் சங்கத்துக்கு இது. பக்கத்து ஊர்ச் சங்கத்தின் துணைவிதியில் வேறு எண் இருக்கலாம். இதைப் படிக்கும் மற்றவர்கள் தங்கள் துணைவிதியைப் புரட்டிப் பார்க்காமல் 60 என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

வந்தவர்கள் 38. படிவம் 25. கோரத்துக்கு எண்ண வேண்டியது 38 மட்டும். அறுபதுக்கு 22 பேர் குறைவு. படிவம் செல்லும் என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும் கணக்கு நிற்காது. அந்தப் படிவத்தைப் பெற்றெடுத்த கம்பெனிச் சட்டத்திலேயே, 103ஆம் பிரிவின்படி, நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களை வைத்துத்தான் கோரம் பார்ப்பார்கள். பிராக்சியாக வந்தவரைச் சேர்க்க மாட்டார்கள். ஆக எந்தச் சட்டத்தில் வைத்துப் பார்த்தாலும் 63 என்று எழுதியது தப்பு.

இதில் என்னை வருத்துவது என்னவென்றால், அந்தத் தப்புக்கு அவசியமே இல்லை. உங்கள் துணைவிதியின் அடுத்த வரியைப் படியுங்கள். குறித்த நேரத்திலிருந்து அரை மணிக்குள் கோரம் சேராவிட்டால் கூட்டம் அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரம், அதே இடத்துக்குத் தள்ளிப்போகும். அப்படித் தள்ளிவைத்த கூட்டத்தில் வந்தவர்களே கோரம். அதாவது அந்த 38 பேரும் 11.30 வரை காத்திருந்து, கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது என்று மினிட் புத்தகத்தில் எழுதிவிட்டுக் கலைந்து, ஒரு வாரம் கழித்து மறுபடி வந்திருந்தால், படிவம் ஒன்றுகூட இல்லாமல் எல்லாத் தீர்மானமும் செல்லுபடியாகியிருக்கும். ஏழு நாளை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு வருடத்துத் தீர்மானங்கள் முழுவதையும் ஆட்டம் காண வைத்துவிட்டார்கள்.

அந்த வரியில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. யாருமே போகாவிட்டால் கூட்டம் நின்றுவிடும் என்று உங்களிடம் சொன்னவர்கள் அதைப் படித்திருக்க மாட்டார்கள். முதல் நாள் கூட்டம் நிற்கும். ஒரு வாரம் கழித்துப் பத்துப் பேர் வந்தாலும் அந்தப் பத்துப் பேரே மகாசபை. அவர்கள் எடுக்கும் முடிவு 412 பேரையும் கட்டும். இடத்தை விற்கக் கூடாது என்று நினைப்பவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால், விற்க நினைப்பவர்களுக்கு அதைவிட வசதி வேறில்லை. கூட்டத்தைப் புறக்கணிப்பது கோரத்தை மட்டும்தான் உடைக்கும், அதுவும் ஒரே ஒரு முறை. இதை உங்கள் தெருவில் நாலு பேருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

தள்ளிவைத்த கூட்டத்துக்கு ஒரு கட்டு உண்டு. முதல் நோட்டீஸில் இருந்த பொருள்களை மட்டுமே அங்கே எடுக்கலாம். புதிதாக ஒன்றைச் சேர்ப்பதென்றால் புது நோட்டீஸ், புது நாள் கணக்கு, மறுபடி 60 பேர் என்று முதலிலிருந்து வர வேண்டும்.

கோரத்தைக் காகிதத்தில் சரிக்கட்டினால் என்ன ஆகும் என்பதை நான் வேலையில் இருந்தபோது கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். பல வருடம் முன்பு ஒரு பால் சங்கத்தில் ஆய்வுக்குப் போனேன். மகாசபை வருகைப் பதிவேட்டில் 71 கையெழுத்து. அதே நாளின் செலவுச் சீட்டுகளைப் புரட்டினால் டீயும் மிக்சர் பொட்டலமும் 45 பேருக்கு. கொஞ்சம் பேர் தின்னாமல் போயிருக்கலாம் என்று முதலில் விட்டுவிட்டேன். பிறகு பதிவேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 46ஆம் வரிசையிலிருந்து மை நிறம் மாறியிருந்தது. ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் 26 பெயர். அதில் ஒருவர் கூட்டத்துக்கு முந்தின மாதமே இறந்துபோனவர். அவர் மகன் அங்கேயே பால் ஊற்ற வந்து நின்றிருந்தார். அப்பாவின் கையெழுத்தைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கேனைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கூட்டத்தின் தீர்மானங்கள் நிற்கவில்லை. அவற்றில் ஒன்று, வருட லாபத்தில் பால் ஊற்றியவர்களுக்குப் போனஸ் பிரிக்கும் தீர்மானம். பொங்கலுக்கு முன் கைக்கு வர வேண்டிய பணம், மறுபடி மகாசபை கூட்டித் தீர்மானம் போட்டு வருவதற்குள் பல மாதம் தள்ளிப்போனது. தப்புச் செய்தவர்கள் இரண்டு மூன்று பேர். காத்திருந்தது ஊர் முழுக்க.

ஆகவே கூட்டத்தில் உட்காரும்போது தலையை நீங்களே எண்ணச் சொல்லுங்கள். உறுப்பினர்களை மட்டும். கூட வந்த பிள்ளைகளையும், வேடிக்கை பார்க்க நிற்பவர்களையும் விட்டுவிட வேண்டும். இணை உறுப்பினராகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை, அவர்களையும் கோரத்தில் எண்ணக் கூடாது. எண்ணி வந்த தொகையை நேரத்தோடு சேர்த்து எழுத்தால் எழுதச் சொல்ல வேண்டும்: காலை 11.20, நேரில் வந்த உறுப்பினர்கள் அறுபத்து நான்கு பேர் என்று. எண்ணால் எழுதினால் 38ஐ 88 ஆக்க ஒரு கோடு போதும். கூட்டம் முடிந்ததும் கடைசித் தீர்மானத்துக்குக் கீழே இடம் விடாமல் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். தீர்மானத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே நாலு விரல் அகலம் வெற்றிடம் இருந்தால், அந்த இடத்தில் பின்னால் ஏதாவது ஏறும்.

இனி இடம் விற்கும் விஷயம். பொருள்நிரல் எதற்கு? கூட்டத்துக்கு வருவதா வேண்டாமா என்று உறுப்பினர் முடிவு செய்வதற்கு. கணக்கு வாசிப்பதும் தணிக்கை அறிக்கையும் மட்டும் என்றால், கூலி வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம் என்று ஒருவர் நினைக்கலாம், அது அவர் விருப்பம். சொசைட்டி இடத்தை விற்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் அதே ஆள் பெங்களூரிலிருந்து முந்தின இரவே வண்டி ஏறுவார். அவரிடம் சொல்லாமல் மறைத்து வைத்து, வராத நேரத்தில் எடுத்த முடிவு அவரைக் கட்டக் கூடாது. 'தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள்' என்ற வரியை நான் எதிர்க்கவில்லை. தீவன மூட்டை தாமதமாக வருகிறது, கால்நடை மருத்துவரை வரச் சொல்ல வேண்டும், டெஸ்ட் எடுக்கும்போது கொழுப்பு அளவைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது போன்ற பேச்சுகளுக்கு அந்த வரி வேண்டும். சொத்து விற்பது, கடன் வாங்குவது, துணைவிதியைத் திருத்துவது மூன்றும் அதற்குள் வரவே கூடாது. இடம் விற்பதென்றால் சர்வே எண், எவ்வளவு சென்ட், விற்கும் காரணம், எந்த முறையில் விற்பது எல்லாம் பொருள்நிரலில் தனி வரியாக இருக்க வேண்டும். துணைவிதித் திருத்தம் என்றால் பழைய வாசகமும் புது வாசகமும் நோட்டீஸோடு வர வேண்டும். மகாசபை நிறைவேற்றினாலும் திருத்தம் உடனே நடப்புக்கு வராது. பதிவாளர் அதைப் பதிவு செய்த பிறகுதான் வரும்.

நோட்டீஸ் நாளையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். துணைவிதியில் முழுதாக 15 நாள் என்று இருக்கிறது. கொடுத்த நாளும் கூட்டம் நடக்கும் நாளும் அதில் சேராது. கணக்கு கைக்கு வந்த நாளிலிருந்துதான், நோட்டீஸில் போட்டிருக்கும் 3ஆம் தேதியிலிருந்து அல்ல. 5ஆம் தேதி கொடுத்தார்கள் என்றால் 6ஆம் தேதி முதல் 19ஆம் தேதி வரை எண்ண வேண்டும். 14 நாள்தான் வருகிறது. ஒரு நாள் குறைவு. இந்த ஒரு நாளை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டம் முழுவதும் செல்லாது என்று சண்டைக்குப் போவது புத்திசாலித்தனம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு நாள் குறைந்ததால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்பார்கள். ஆனால் எழுதிக் கொடுக்கும் ஆட்சேபணையில் அதையும் ஒரு வரி சேருங்கள். பிராக்சி படிவமும் மறைத்த பொருளும் கூட இருக்கும்போது அந்த ஒரு நாளுக்கும் கனம் கூடும்.

ஆட்சேபணையைச் செயலாளர் பெயருக்கு உங்கள் வீட்டுக்காரரே எழுத வேண்டும், உறுப்பினர் எண்ணோடு. நீங்கள் எழுதினால் உறுப்பினர் அல்லாதவர் கடிதம் என்று ஓரத்தில் வைத்துவிடுவார்கள். மூன்று விஷயம் போதும்: பதிலாள் படிவங்களை வாங்கவோ கோரத்தில் சேர்க்கவோ கூடாது, பொருள்நிரலில் தனியாகச் சொல்லாத சொத்து விற்பனையை எடுக்கக் கூடாது, நோட்டீஸ் நாள் குறைகிறது. இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் தேதி போட்டுச் சங்க முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நகல் தருமபுரியில் உள்ள துணைப் பதிவாளர் (பால்வளம்) அலுவலகத்துக்கும் போகட்டும். அதற்கு மேலும் கேட்காமல் தீர்மானம் போட்டால், சங்கத்தின் நிர்வாகம் சம்பந்தமான தகராறு என்று சட்டத்தின் 90ஆம் பிரிவில் பதிவாளரிடம் மனுப் போடலாம். அப்போது முத்திரை விழுந்த அந்தப் பிரதிதான் உங்கள் கையில் இருக்கும் சாட்சி.

அவர் வர முடியுமா என்றும் பாருங்கள். பெங்களூரிலிருந்து ஓசூர், ராயக்கோட்டை வழியாக வருகிற பாதைதானே. காலை வண்டி பிடித்தால் 11 மணிக்கு முன் வந்துவிடலாம். ஒரு நாள் கூலி போகும், அது சின்ன விஷயம் அல்ல என்பது எனக்குத் தெரியும். புதன்கிழமையில் மகாசபை வைத்தால் வெளியூரில் வேலைக்குப் போயிருக்கும் பாதி உறுப்பினர்கள் வர மாட்டார்கள். ஞாயிறு வையுங்கள் என்று கேளுங்கள். காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் நடுவில் 11 மணி என்ற நேரம் நல்ல நேரம்தான், கிழமைதான் தப்பு. நீங்கள் கூடப் போய் உட்காருவதற்குத் தலைவர் அனுமதித்தால் உட்காரலாம், கேட்கலாம். எண்ணிக்கையில் வர மாட்டீர்கள், கை தூக்க முடியாது.

செயலாளரிடம் குறை மட்டும் சொல்லிவிட்டு வராமல், எப்படி எழுத வேண்டும் என்பதையும் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். உங்கள் துணைவிதிக்கு ஏற்ப நோட்டீஸ் இப்படி இருந்தால் போதும்:

மகாசபைக் கூட்ட அறிவிப்பு. நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுப்பேரவைக் கூட்டம் ______ தேதி ஞாயிற்றுக்கிழமை காலை 11.00 மணிக்குச் சங்க அலுவலக வளாகத்தில் நடைபெறும். உறுப்பினர்கள் அனைவரும் பால் அட்டையுடன் நேரில் வந்து கலந்துகொள்ள வேண்டுகிறோம்.

பொருள் 1: சென்ற பேரவையின் நடவடிக்கைக் குறிப்பை வாசித்து உறுதி செய்தல். பொருள் 2: தணிக்கை அறிக்கையையும், வரவு செலவு, ஐந்தொகைக் கணக்கையும் ஏற்றல். பொருள் 3: நிகர லாபத்தைப் பிரித்தல்; பால் வழங்கியோருக்கான போனஸ் லிட்டருக்கு எவ்வளவு என்று முடிவு செய்தல். பொருள் 4: சர்வே எண் ______, ______ சென்ட் பரப்புள்ள பழைய கொள்முதல் கட்டட இடத்தை விற்பதா, வைத்துக்கொள்வதா என்று விவாதித்து முடிவெடுத்தல். பொருள் 5: தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள் (செலவோ சொத்தோ சம்பந்தப்படாதவை).

குறைவெண்: ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்கள் 60 பேர் நேரில் இருக்க வேண்டும். 11.30 மணிக்குள் சேராவிட்டால் கூட்டம் அடுத்த ஞாயிறு ______ தேதி இதே நேரம், இதே இடத்தில் இதே பொருள்களுக்காக நடைபெறும். அன்று வந்திருப்பவர்களே குறைவெண்.

பதிலாள்: உறுப்பினர் நேரில் மட்டுமே கலந்துகொண்டு ஓட்டளிக்கலாம். பதிலாள் படிவம், அதிகாரப் பத்திரம் ஏற்கப்படாது. உறுப்பினராக உள்ள நிறுவனங்கள் மட்டும் தங்கள் தீர்மான நகலுடன் ஒரு பிரதிநிதியை அனுப்பலாம்.

நாலாவது பொருளை நான் வேண்டுமென்றே எழுதியிருக்கிறேன். விற்கும் எண்ணம் இருந்தால் வெளிப்படையாக எழுதட்டும். எண்ணம் இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிடட்டும். இரண்டில் எது நடந்தாலும் ஊருக்கு விஷயம் தெரிந்துவிடும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உறுத்தியது பிராக்சி படிவம்கூட அல்ல. மாடு உங்களுடையது, கறப்பது நீங்கள், விடியற்காலையில் கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பது நீங்கள். ஓட்டு மட்டும் பெங்களூரில் இருக்கிறது. பிராக்சி இல்லாததால் வந்த சிக்கல் என்று இதை நினைக்காதீர்கள். உறுப்பினராக இருக்க வேண்டியவர் நீங்கள். நம் பக்கத்துச் சங்கங்களில் இது நிறைய வீட்டில் இருக்கிறது. சங்கம் ஆரம்பித்த காலத்தில் ஆம்பளை பெயரில் எழுதினார்கள், அப்படியே ஓடுகிறது.

துணைவிதியில் உறுப்பினர் தகுதி என்ற பகுதியைப் பாருங்கள். பொதுவாகச் சங்க எல்லைக்குள் குடியிருப்பவர், கறவை மாடு வைத்திருப்பவர், சங்கத்துக்குப் பால் ஊற்றுபவர் என்றுதான் இருக்கும். மூன்றும் உங்களிடம் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு உறுப்பினர்தான் என்று சில சங்கங்களில் வைத்திருப்பார்கள். உங்கள் சங்கத்தில் அப்படி இல்லையென்றால் இருவரும் இருக்கலாம். ஒருவர்தான் என்று இருந்தால், அவர் தன் பங்கை உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்து விலகிக்கொள்வதுதான் நியாயமான வழி. வருடத்தில் இத்தனை நாள் அல்லது இத்தனை லிட்டர் பால் ஊற்றியிருந்தால்தான் ஓட்டு என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால், பால் யார் எண்ணில் ஏறுகிறது என்பது முக்கியம். உங்களுக்கு உறுப்பினர் எண் கிடைத்த மறுநாளிலிருந்து நீங்கள் ஊற்றும் பால் அந்த எண்ணில்தான் பதிய வேண்டும். பழைய எண்ணிலேயே ஊற்றிக்கொண்டிருந்தால் அடுத்த மகாசபையில், நீங்கள் பாலே ஊற்றவில்லை, ஓட்டு இல்லை என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும்.

சேர்க்கும்போது விண்ணப்பத்தில் எந்த வகை உறுப்பினர் என்ற கட்டத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இணை உறுப்பினர் என்று குறித்துவிட்டால் பால் ஊற்றலாம், பணம் வாங்கலாம், மகாசபையில் ஓட்டு இருக்காது. பெண்கள் சிலரை அப்படிச் சேர்த்துவிட்டு, பல வருடம் கழித்துத்தான் அவர்களுக்கே தெரியவந்ததைப் பார்த்திருக்கிறேன். முழு உறுப்பினர் என்று குறிக்கச் சொல்லி, பங்குத் தொகைக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் தனித்தனி ரசீது வாங்குங்கள். விண்ணப்பம் நிர்வாகக் குழுவில் தீர்மானமாகி வர வேண்டும். எந்தக் கூட்டத்தில், எத்தனாவது தீர்மானமாக எடுத்தார்கள் என்பதை ரசீதின் பின்பக்கம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.